இரவில் 2.2 மீட்டரைத் தாண்டாத நீர்மட்ட சென்சார்: ரெசிஸ்டரை மாற்றுவதா, வோல்டேஜை ஏற்றுவதா?

வடிகால்கரை:
திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர் வடிகால் மதகில் நீர்மட்ட சென்சார் இறக்கியிருக்கிறோம். 0 முதல் 5 மீட்டர், இரண்டு வயர், 4–20 மில்லி ஆம்பியர். தகட்டில் 9–30 வோல்ட் என்று இருக்கிறது. மதகிலிருந்து மோட்டார் கொட்டகைக்கு 400 மீட்டர் கேபிள். கொட்டகையில் சோலார் பலகை, 12 வோல்ட் பேட்டரி, அளவைத் திரையில் காட்டும் போர்டு, மின்னோட்டத்தை அதற்கு வோல்ட்டாக மாற்றித் தர அதனுடன் வந்த 250 ஓம் ரெசிஸ்டர். பகலில் சரியாகக் காட்டுகிறது. இரவில் அளவுப் பலகையில் தண்ணீர் 3 மீட்டர் நிற்கும்போது திரையில் 2.2 தான். காலை ஒன்பது, பத்து மணிக்குத் தானாகச் சரியாகிவிடுகிறது. சென்சார் கெட்டுவிட்டதா?

மன்னை மெக்கானிக்:
கேபிளுக்குள் காற்றுக்குழாய் ஒன்று போகும், பார்த்தீர்களா? அதன் வாயில் ஈரம் அடைத்திருக்கும். ஐப்பசி மழையில் இது சகஜம். வெளிக்காற்றின் அழுத்தம் சென்சாருக்குப் போய்ச் சேராவிட்டால் மட்டம் தப்பாகத்தான் வரும். குழாயைச் சுத்தம் செய்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மாற்றுங்கள்.

கொள்ளிடக்கரை:
குழாய் அடைத்தால் தவறு வரும் என்பது உண்மை. ஆனால் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் பிசகும். பகலுக்கும் இரவுக்கும் காற்றழுத்தம் சில ஹெக்டோபாஸ்கல் மாறலாம். 80 சென்டிமீட்டர் அதில் வராது. வடிகால்கரை, ஒன்று சொல்லுங்கள்: இரவில் கோடு மேலும் கீழும் அலைகிறதா, அல்லது மட்டப்பலகை வைத்துக் கிழித்ததுபோல் நிற்கிறதா?

வடிகால்கரை:
கிழித்ததுபோல்தான் ஐயா. 2.2க்குக் கீழே இருக்கும்போது இரவிலும் சரியாகவே காட்டியது. தண்ணீர் ஏறிய பிறகுதான் இந்தத் தொல்லை.

கொள்ளிடக்கரை:
அப்படியானால் சென்சார் நன்றாகத்தான் இருக்கிறது; அதற்குச் சாப்பாடு போதவில்லை. சென்சார் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறதே தவிர உற்பத்தி செய்வதில்லை. பேட்டரி தரும் வோல்ட்டில் ரெசிஸ்டர் ஒரு பங்கும், கேபிள் ஒரு பங்கும் எடுத்துக்கொண்ட பிறகு மிச்சம் இருப்பதுதான் சென்சாருக்கு. தண்ணீர் ஏற ஏற மின்னோட்டம் கூடும், அந்த இரண்டு பங்கும் கூடும், சென்சாரின் மிச்சம் குறையும். அதாவது தண்ணீர் அதிகமாக இருக்கும்போதுதான் அது பட்டினி கிடக்கிறது.

கணக்கைப் பாருங்கள். அரை சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி என்று வைத்துக்கொள்கிறேன். கிலோமீட்டருக்கு 37 ஓம் அளவில் வரும். போக 400, வர 400. ஆக 800 மீட்டருக்கு 30 ஓம். பலரும் ஒரு வழியை மட்டும் கணக்கிட்டு ஏமாறுகிறார்கள். ரெசிஸ்டரையும் சேர்த்து 280 ஓம். இரவில் பேட்டரி 12.1 வோல்ட் என்று வைத்தால்:

```
(12.1 − 9) ÷ 280 = 0.0111
```

11.1 மில்லி ஆம்பியர். 4 என்பது வெறும் மட்டம், 20 என்பது 5 மீட்டர் என்ற கணக்கில் இது 2.2 மீட்டர். உங்கள் திரை நிற்கும் இடம் அதுவே. 3 மீட்டரைக் காட்ட 13.6 மில்லி ஆம்பியர் வேண்டும். அதற்குப் பேட்டரி 12.8 வோல்ட் தர வேண்டும். காலையில் வெயில் பட்டு சார்ஜ் ஏறி 12.8ஐத் தாண்டும் நேரம்தான் உங்கள் ஒன்பது, பத்து மணி.

கீழையூர் விவசாயி:
எனக்கும் இதே பிரச்சினைதான். மும்முனை மின்சாரம் வந்தாலும் வோல்டேஜ் குறைவாக இருந்தால் மோட்டார் ஸ்டார்ட்டர் தட்டிவிடுகிறது. கேபிள் நீளம்தான் காரணம் என்கிறார்கள். இந்த சென்சாரிலும் கேபிள் 400 மீட்டர் என்றால் அதற்கேற்ப அளவைக் கூட்டிக் கணக்குப் போட வேண்டாமா? போர்டில் திருத்தம் கொடுத்தால் முடிந்துவிடுமே.

கொள்ளிடக்கரை:
அண்ணா, மோட்டார் கதை வேறு. இங்கே சென்சாருக்கு வோல்ட் போதுமானதாக இருக்கும்வரை கேபிள் 4 மீட்டரோ 4,000 மீட்டரோ, அளவு மாறாது. மடையில் புகும் தண்ணீர் முழுவதும் வாய்க்கால் கோடியில் வெளியே வருவதுபோல, சென்சார் விட்ட மின்னோட்டம் அப்படியே ரெசிஸ்டருக்கு வந்து சேரும். போதாமல் போனால் எந்தத் திருத்தமும் உதவாது. 2.2 என்று காட்டும்போது உண்மையில் 2.3 இருக்கலாம், 4.5 இருக்கலாம். போர்டுக்கு எப்படித் தெரியும்?

சோலார் பித்தன்:
நோய் சரி. மருந்தைச் சொல்கிறேன்: ரெசிஸ்டரை மாற்றுங்கள். 250 ஓம் என்பது 24 வோல்ட் இருக்கும் தொழிற்சாலைப் பழக்கம். 1 முதல் 5 வோல்ட் கிடைக்க வேண்டும் என்பதற்காக வந்தது. 12 வோல்ட் பேட்டரியில் அதைக் கொண்டுவந்து மாட்டியவர்தான் குற்றவாளி. 50 ஓம் போட்டால் கேபிளோடு 80 ஓம். 20 மில்லி ஆம்பியரில் 1.6 வோல்ட்தான் போகும். பேட்டரி 10.6 வரை இறங்கினாலும் முழு 5 மீட்டர் தெரியும்.

மன்னை மெக்கானிக்:
50 ஓம் என்றால் போர்டுக்கு வருவது 1 வோல்ட்தானே? அளவு முரட்டுத்தனமாகிவிடும்.

சோலார் பித்தன்:
போர்டு 5 வோல்ட்டை 10 பிட்டில், அதாவது 1,024 படிகளாகப் பிரித்துப் படிக்கிறது என்றால் நீங்கள் சொல்வது சரி. 5 மீட்டர் நீளமும் 160 சொச்சம் படிகளில் அடங்கிவிடும். ஒரு படிக்கு 3 சென்டிமீட்டர். மதகுக்கு அதுவே தாங்கும் என்பேன். போதாது என்றால் வோல்ட்டை எண்ணாக்கும் 16 பிட் மாற்றி ஒன்றைச் சேர்த்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போகலாம். அந்தச் சிறு பலகையின் விலை பெரிதல்ல.

கொள்ளிடக்கரை:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எப்போது தண்ணீர் 5 மீட்டருக்கு ஏறும்? நாலு நாள் விடாமல் மழை பெய்தால். அந்த நாலு நாளும் சோலார் பலகை என்ன சார்ஜ் செய்திருக்கும்? பேட்டரி அடிமட்டத்துக்கு வரும் இரவும் வெள்ளம் வரும் இரவும் இந்த மண்ணில் ஒன்றேதான். சார்ஜ் கன்ட்ரோலர் சுமையைத் துண்டிக்கும் இடம் பெரும்பாலும் 11 வோல்ட்டை ஒட்டி இருக்கும். உங்கள் 10.6க்கும் அதற்கும் அரை வோல்ட்தான் இடைவெளி. கடற்காற்றில் ஒரு இணைப்பு பச்சை பூத்தால் அதுவும் காலி.

நான் செய்வது: 12ஐ 24 ஆக ஏற்றும் சிறு கன்வெர்ட்டர். பேட்டரி 11க்கு இறங்கினாலும் அது 24ஐ விடாது. 280 ஓமில் 5.6 வோல்ட் போனாலும் சென்சாருக்கு 18.4 மிச்சம். ரெசிஸ்டரை மட்டும் 220 ஆக்குவேன். சென்சார் பழுதைச் சொல்ல 21, 22 மில்லி ஆம்பியர் வரை போனால் 250 ஓமில் 5.5 வோல்ட் வந்து 5 வோல்ட் போர்டைத் தாண்டிவிடும், 220இல் 4.84. ஒரு சதவீத ரெசிஸ்டராக வாங்குங்கள், ஐந்து சதவீதம் வேண்டாம்.

சோலார் பித்தன்:
மழைக்காலத்தில் பேட்டரி தவிக்கும் என்கிறீர்கள், பிறகு அதன் தலையிலேயே கன்வெர்ட்டரையும் ஏற்றுகிறீர்கள். 24 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் கொடுக்கப் பேட்டரியிலிருந்து 45, 50 மில்லி ஆம்பியர் போகும். ஒரு நாளைக்கு ஒரு ஆம்பியர் மணிக்கு மேல். நேரடி இணைப்பில் அதில் பாதிகூட இல்லை. போதாததற்கு, இடி மின்னலில் முதலில் போகும் சாமானும் அதுதான்.

கொள்ளிடக்கரை:
செலவு உண்மை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சில விநாடி மட்டும் ஓட்டி அளந்தால் அந்தக் கணக்கு சுருங்கிவிடும். சென்சார் நிலைகொள்ள எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

24 வோல்ட்டில் ஒரு ஆபத்து உண்டு, அதை மறைக்கமாட்டேன். ஒரு ஆலையில் வேலை செய்தபோது எலி கேபிளைக் கடித்து இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டன. 24 வோல்ட் முழுவதும் கால் வாட் ரெசிஸ்டர் மேல் விழுந்தது. 250 ஓமில் அது 2.3 வாட். நான் போனபோது ரெசிஸ்டரின் வர்ணப் பட்டைகள் எல்லாம் ஒரே பழுப்பாக இருந்தன. பக்கத்தில் போர்டு குமிழிட்டிருந்தது. அன்றிலிருந்து 50 மில்லி ஆம்பியர் ஃபியூஸ் இல்லாமல் சென்சார் சுற்றை, அதாவது லூப்பைப் போடுவதில்லை. போர்டின் உள்ளீட்டுக்கு முன்னால் 10 கிலோ ஓம் ஒன்றும் போடுவேன். உங்கள் 50 ஓமும் தப்பாது, தம்பி: கொட்டகை அருகே கம்பி ஒட்டினால் 12 வோல்ட்டிலேயே 2.9 வாட்.

சோலார் பித்தன்:
ஃபியூஸை ஒப்புக்கொள்கிறேன். கன்வெர்ட்டரை ஒப்புக்கொள்ளவில்லை.

கீழையூர் விவசாயி:
ஐந்து மீட்டர் வரை தண்ணீர் ஏறினால்தானே சரியாகிவிட்டதா என்று தெரியும்? அதுவரை எப்படி நம்புவது? ஏறிய பிறகு தெரிந்து என்ன பயன்?

கொள்ளிடக்கரை:
அண்ணா, இந்தக் கேள்வி நல்ல கேள்வி. தண்ணீர் ஏற வேண்டியதில்லை. லூப்பில் ஒரு கம்பியைக் கழற்றி நடுவே 180 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள். திரையில் அளவு அசையவில்லை என்றால் அவ்வளவு வோல்ட் கையிருப்பு இருக்கிறது. அசைந்தால் இல்லை. இப்போது தண்ணீர் 2.5 மீட்டர், அதாவது 12 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். 20 ஆகும்போது 280 ஓமில் கூடுதலாக 2.24 வோல்ட் போகும். 12 மில்லி ஆம்பியரில் அதே அளவை விழுங்க 187 ஓம் வேண்டும்; 180 அதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். இதை விடிவதற்கு முன் செய்யுங்கள். மத்தியானம் செய்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

வடிகால்கரை:
நேற்று இரவு போய் அளந்தேன். கேபிளின் மதகு முனையில் இரண்டு கம்பியையும் முறுக்கிவிட்டு இந்த முனையில் மீட்டர் வைத்ததில் 30 ஓம், ஐயா சொன்னபடியே. பேட்டரி 12.1. ஆனால் சென்சார் முனைகளில் 9 இல்லை, 8.4தான். தேடினால் கொட்டகைப் பெட்டிக்குள் பேட்டரி தலைகீழாக மாட்டப்பட்டால் காப்பாற்ற ஒரு டையோடு. அது 0.6 வோல்ட் தின்கிறது.

கொள்ளிடக்கரை:
ஆக உங்கள் சென்சார் 8.4 வரை தாக்குப்பிடிக்கிறது. என் கணக்கு தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது. டையோடை நான் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் 8.4ஐ நம்பிக் கணக்குப் போடாதீர்கள். தகட்டில் எழுதியது 9. அடுத்த சென்சார் 8.9இல் நின்றுவிட்டால் யாரையும் கேட்க முடியாது.

சோலார் பித்தன், உங்கள் 50 ஓமை இப்போது போட்டுப் பாருங்கள். 11.1 வோல்ட்டில் டையோடுக்கு 0.6, லூப்புக்கு 1.6. மிச்சம் 8.9.

சோலார் பித்தன்:
ஷாட்கி டையோடு மாட்டினால் 0.3. மிச்சம் 9.2.

கொள்ளிடக்கரை:
0.2 வோல்ட்டை நம்பி மதகைத் திறப்பீர்களா?

சோலார் பித்தன்:
கன்வெர்ட்டர் கருகிய இரவில் நீங்கள் எதை நம்பித் திறப்பீர்கள்?

வடிகால்கரை:
கையில் இருப்பது இரண்டு 100 ஓம். இன்றைக்குப் பக்கவாட்டில் இணைத்து 50 ஆக்கி, டையோடையும் மாற்றிவிடுகிறேன். கன்வெர்ட்டர் கும்பகோணத்திலிருந்து வர நாலு நாள் ஆகும். அதுவரை இரவில் அளவுப் பலகைக்கு டார்ச் அடிக்க ஒரு ஆளையும் போட்டிருக்கிறோம்.