120 ஹெர்ட்ஸ் திரை: கண்ணுக்கு வரவு எவ்வளவு, பேட்டரிக்குச் செலவு எவ்வளவு?

செல்வி: ஆறு மாதமாக 120 ஹெர்ட்ஸ் திரையுள்ள, அதாவது நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் கைப்பேசி வைத்திருக்கிறேன். நாளுக்கு ஐந்து மணி நேரம் திரை எரிகிறது. மாலையில் 15 சதவீதம்தான் மிஞ்சுகிறது. 60-க்கு மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும்? எதை இழப்பேன்?

முருகேசன்: ஒன்றையும் இழக்கமாட்டீர்கள். திரைப்படமே நொடிக்கு 24 பிரேம்தான். அதை அரங்கில் நிம்மதியாகப் பார்க்கிறோம். திரை இரு மடங்கு வேலை செய்தால் மின்சாரமும் இரு மடங்கு போகும். இன்றே மாற்றிவிடுங்கள்.

தேன்மொழி: வீடியோவுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும் ஐயா. ஆனால் அரங்கில் நாம் படத்தை விரலால் தள்ளுவதில்லை. கேமரா எடுக்கும் பிரேமில் அசைவு மங்கலாகவே பதிகிறது, அதனால் 24 போதும். கைப்பேசியில் ஒவ்வொரு எழுத்தும் கூர்மையாக வரையப்படுகிறது. செய்திப் பக்கம் நொடிக்கு 1,200 பிக்சல் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 ஹெர்ட்ஸில் எழுத்து ஒவ்வொரு முறையும் 20 பிக்சல் தாவும்; 120-ல் 10. நம் கண்ணோ அதைப் பின்தொடர்ந்து சீராக நகர்கிறது. அடுத்த பிரேம் வரும்வரை எழுத்து நின்ற இடத்திலேயே நிற்பதால், அந்தத் தாவல் அளவுக்கு இழுபட்டதுபோல் தெரிகிறது. அது பாதியாகும்போது, ஓடும் பக்கத்திலேயே தலைப்பை வாசித்துவிடலாம். நின்ற பக்கத்தில் வேறுபாடே கிடையாது.

ரஹீம்: என் கைப்பேசிப் பெட்டியில் 240 ஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருந்தது. அதை நம்பித்தான் வாங்கினேன். விளையாடும்போது நண்பனின் பழைய கைப்பேசிக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை!

தேன்மொழி: தம்பி, அந்த 240 பெரும்பாலும் விரல் தொடுவதை நொடிக்கு எத்தனை முறை கவனிக்கிறது என்பதாக இருக்கும், சிறிய எழுத்தைப் படித்துப் பாருங்கள். தவிர, விளையாட்டு 60 பிரேமோடு நின்றுவிட்டால் 120 ஹெர்ட்ஸ் திரை ஒரே பிரேமை இருமுறை காட்டும், அவ்வளவுதான்.

முருகேசன் ஐயாவின் 'இரு மடங்கு' கணக்கை மட்டும் ஏற்க முடியாது. திரை உண்ணும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெளிச்சத்துக்குப் போகிறது. 60 ஆனாலும் 120 ஆனாலும் வெளிச்சம் அதேதான். கூடுவது திரையை இயக்கும் சிப்பின் செலவும், 16.7 மில்லிநொடிக்குப் பதில் 8.3-க்கு ஒரு பிரேம் தயாரிக்கும் செயலியின் செலவும்தான்.

இளங்கோ: நானே அளந்தேன். விமானப் பயன்முறை, வெளிச்சம் பாதியில் நிலையாக, சேமித்த ஒரு நீளமான பக்கம் தானாக ஓடிக்கொண்டே இருந்தது. 80 சதவீதத்திலிருந்து 60-க்கு இறங்க, 60 ஹெர்ட்ஸில் 2 மணி 20 நிமிடம். 120-ல் சரியாக 2 மணி. இரண்டு முறை செய்தும் சில நிமிடமே மாறியது.

தேன்மொழி: நல்ல சோதனை. மணிக்கு 10 சதவீதம், 60-ல் சுமார் 8.6. செல்வியின் ஐந்து மணி நேரத்துக்கு 50-க்கு எதிராக 43. அவர் கைப்பேசியும் இப்படியே இருந்தால் மாலையில் 15-க்குப் பதில் 22 இருக்கும். அதுவும் பக்கம் நிற்காமல் ஓடினால்தான். வாசிக்க நிறுத்தும்போது திரை வேகத்தைக் குறைத்தால் மிச்சம் இன்னும் சிறியது. வெயிலில் வெளிச்சத்தை முழுதாக ஏற்றினாலோ சிக்னல் பலவீனமாக இருந்தாலோ இதைவிட அதிகம் போய்விடும்.

முருகேசன்: இரு மடங்கு என்றது தவறுதான். ஆனால் நாள் முழுக்கப் பஸ்ஸில் திரிபவனுக்கு அந்த ஏழு சதவீதம் வீட்டுக்கு அழைத்துச் சொல்லப் போதும். நான் 60-லேயே இருப்பேன்.

இளங்கோ: அக்கா, 'திரை வேகத்தைக் குறைத்தால்' என்றீர்களே, அங்கேதான் சிக்கல். ஐபோன் 13 ப்ரோ 10 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், 14 ப்ரோ 1 வரை. என்னுடையது நடுத்தர விலை. 60-க்குக் கீழே போகாது. இரவில் வெளிச்சத்தைக் குறைத்தால் 120-லிருந்து அசைவதே இல்லை.

தேன்மொழி: மங்கலான வெளிச்சத்தில் வேகம் மாறினால் நிறம் லேசாக மினுக்கித் தெரியும். அதை மறைக்கத்தான் சில கைப்பேசிகளில் பூட்டிவிடுகிறார்கள். விலை உயர்ந்த திரைகளில் பிக்சலின் மின்னூட்டம் மெதுவாகக் கசிவதால் குறைந்த வேகத்திலும் படம் நிலைக்கிறது. செல்வி, ஆண்ட்ராய்டு என்றால் Developer options-இல் Show refresh rate-ஐ இயக்குங்கள். மூலையில் எண் தெரியும். விரலை எடுத்ததும் அது இறங்குகிறதா என்று பாருங்கள்.

செல்வி: பார்த்துவிட்டேன். முகப்புத் திரையில் விரலை எடுத்த இரண்டு நொடியில் 60. செய்திச் செயலியில் மட்டும் இறங்கவே இல்லை. கீழே ஓர் அசையும் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடினேன், உடனே 60. அந்தச் செயலியில்தான் நாளுக்கு இரண்டு மணி நேரம் போகிறது. இரவில் இளங்கோ சொன்னதுபோல் எனக்கும் 120-லேயே நிற்கிறது.

இளங்கோ: நான் இரவில் கையாலேயே 60-க்கு மாற்றிவிடுகிறேன். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.