ஒரே மேசையில் 310, 248: எந்த மீட்டரை நம்புவது?

செம்மண்காட்டான்
போன மாதம் காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் வெளிச்ச சர்வே எடுத்தோம். பழைய நகரத்தார் வீட்டில் நடக்கிற பள்ளி. வளவின் முற்றத்தை ஒட்டிய திறந்த பட்டாலையில் ஒரு வகுப்பு, உள்ளறைகளில் இரண்டு வகுப்பு. என்னிடம் ஒரு லக்ஸ் மீட்டர், கூட வந்த நண்பரிடம் வேறு மாடல். இரண்டுக்கும் இந்த வருடத்துக் காலிபரேஷன் சான்றிதழ் இருக்கிறது.

உள்ளறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு டியூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்தோம். என்னுடையது 262, அவருடையது 258. சரி, இரண்டும் ஒத்துப்போகின்றன என்று பட்டாலைக்கு வந்தோம். அங்கே விளக்கை அணைத்துவிட்டு, முற்றத்திலிருந்து வரும் வெளிச்சத்தில் மட்டும் மேசைமேல் வைத்தால் என்னுடையது 310, அவருடையது 248. நாங்கள் வைத்திருந்த இலக்கு 300 லக்ஸ். ஒரு மீட்டர்படி வகுப்பு தேறிவிட்டது, இன்னொன்றின்படி தேறவில்லை.

மேகம் நகர்ந்திருக்கும் என்று நினைத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடம் மாற்றி வைத்து, மூன்று முறை பார்த்தோம். அதே வித்தியாசம்தான். கிளம்புகிற நேரத்தில் சும்மா இரண்டு சென்சாரையும் தூக்கி முற்றத்தைப் பார்க்க நிறுத்தினேன். 1240, 1215. படுக்க வைத்தால் 20 சதவீதம் வித்தியாசம், நிமிர்த்தினால் 2 சதவீதம். இப்படி யாருக்காவது வந்திருக்கிறதா?

ஒயர்மேன் தேவகோட்டை
இது கலர் பிரச்சினைதான் அண்ணே. காலிபரேஷன் பண்ணும்போது குண்டு பல்பு மாதிரியான மஞ்சள் வெளிச்சத்தில்தான் பண்ணுவார்கள், 2856 கெல்வின். வானத்து வெளிச்சம் நீலம் கலந்தது. விலை குறைந்த சென்சாரில் ஃபில்டர் சரியாக இருக்காது, அதனால் தப்பாகக் காட்டும். எனக்கு எல்இடி தெருவிளக்கில் இதே அனுபவம் உண்டு.

பழைய லேப்காரர்
தம்பி சொன்ன 2856 கெல்வின் சரி. ஆனால் இங்கே காரணம் அது இல்லை. செம்மண்காட்டான் கடைசியாகச் செய்தாரே, அதுதான் பதில். நிமிர்த்திப் பிடித்தபோதும் அதே வானத்து வெளிச்சம், அதே நிறம்தான் சென்சாரில் விழுந்தது. நிறம்தான் குற்றவாளி என்றால் அப்போதும் 20 சதவீதம் விலகியிருக்க வேண்டும். மாறியது வெளிச்சம் வந்து விழும் சாய்வு மட்டும்.

மேசையில் விழும் வெளிச்சம் சாய்வுக்கேற்பக் கொசைன் கணக்கில் குறையும். செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்தால் பாதி, 75 டிகிரியில் கால் பங்குக்குச் சற்று மேல். சென்சார் மேலிருக்கும் வெள்ளை டிஃப்யூசர் இதை அப்படியே பின்பற்ற வேண்டும். தட்டையான டிஃப்யூசரில் சாய்ந்து வரும் வெளிச்சம் மேற்பரப்பில் பட்டுத் தெறித்துப் போய்விடும், சென்சாரைச் சுற்றியுள்ள விளிம்பும் கொஞ்சம் மறைக்கும். அதனால் இருக்க வேண்டியதைவிடக் குறைவாகக் காட்டும்.

காலிபரேஷனில் வெளிச்சத்தை நேர் செங்குத்தாகத்தான் விழச் செய்வார்கள். சான்றிதழ் பொய் சொல்லவில்லை, சாய்வைப் பற்றிப் பேசவே இல்லை. சான்றிதழை எடுத்துப் பாருங்கள், சாய்வு பற்றி ஒரு வரிகூட இருக்காது என்று நினைக்கிறேன். மீட்டரின் தகவல் தாளில் f2 என்று ஒரு எண் போட்டிருந்தால், அதுதான் இந்தப் பிழை.

வீட்டிலேயே சோதிக்கலாம். இருட்டறை, 2 மீட்டர் தள்ளி ஒரு ஸ்பாட் லைட், சென்சாரைத் திருப்ப ஒரு பலகை, ஒரு கோணமானி போதும். திருப்பும் அச்சு டிஃப்யூசரின் முகத்தின் வழியே போக வேண்டும். ஒவ்வொரு கோணத்திலும் விளக்குக்கும் சென்சாருக்கும் இடையில் ஒரு சின்ன அட்டையைக் காட்டி, சுவரில் பட்டு வருவதை மட்டும் அளந்து கழித்துவிடுங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பிச் சராசரி எடுங்கள். 75 டிகிரியில் ஒரே ஒரு டிகிரி தவறினாலும் 6 சதவீதத்துக்கு மேல் பிழை வந்துவிடும்.

பள்ளத்தூர் மாணவன்
நான் போன் ஆப்பில் அளந்துதான் ப்ராஜெக்ட் முடித்தேன். அதிலும் 300 வந்தது, சார் ஒத்துக்கொண்டார். அது போதாதா?

பழைய லேப்காரர்
போனில் இந்த மாதிரி வெளியே நிற்கும் டிஃப்யூசர் கிடையாது தம்பி, பெரும்பாலும் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னத் துளைதான். பக்கவாட்டு வெளிச்சம் அதற்குள் சரியாகப் போகாது. பட்டாலையில் அந்த ஆப்பை வைத்துப் பாருங்கள், எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

செம்மண்காட்டான்
நேற்று ராத்திரி செய்து பார்த்துவிட்டேன். நகைக்கடையில் மேலிருந்து அடிப்பார்களே, அந்த மாதிரி ஸ்பாட் லைட். நேராக வைத்தபோது இரண்டும் 400க்கு வருகிற மாதிரி தூரத்தைச் சரிசெய்துகொண்டேன்.

60 டிகிரியில் 200 வர வேண்டும். என்னுடையது 198, நண்பருடையது 182. 75 டிகிரியில் வர வேண்டியது 103 அல்லது 104. என்னுடையது 101, நண்பருடையது 76. அதாவது கால் பங்குக்கும் மேல் காணாமல் போகிறது. 80 டிகிரியில் இன்னும் மோசம், 69க்குப் பதில் 42.

முதல் தடவை இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துவரவில்லை. பலகையில் சென்சார் அரை அங்குலம் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பின்னால் தள்ளி அச்சோடு சேர்த்த பிறகுதான் சரியானது.

இப்போது கேள்வி இதுதான்: நண்பரின் அளவுகளையெல்லாம் 1.25ஆல் பெருக்கிவிடலாமா?

பழைய லேப்காரர்
கூடவே கூடாது. உள்ளறையில் அவருடைய மீட்டர் காட்டிய 258 சரியான அளவு. அதைப் பெருக்கினால் 322 ஆகிவிடும், இருட்டான அறை காகிதத்தில் தேறிவிடும். பட்டாலையிலேயே முற்றத்தை ஒட்டிய மேசைக்கு ஒரு பிழை, உள்ளே தள்ளிய மேசைக்கு வேறு பிழை. உள்ளே போகப்போக வெளிச்சம் படுத்துக்கொண்டு வரும், சுவரில் பட்டு வருவதும் கலக்கும். ஒரே எண்ணால் திருத்த வழியில்லை. அந்த மேசைகளை உங்கள் மீட்டரில் மறுபடி அளப்பதுதான் வழி.

கானாடுகாத்தான் டீச்சர்
நீங்களெல்லாம் மேசையைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கரும்பலகைதான் தெரியவில்லை. போர்டுக்கு மேலேயே தனி டியூப் போட்டிருக்கிறது, அளக்க வந்தவர் மேசையில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். போர்டில் கீழே எழுதினால் மூன்றாம் பெஞ்சுக்குமேல் வாசிக்க முடியவில்லை.

ஒயர்மேன் தேவகோட்டை
டீச்சர், அந்த டியூப் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது?

கானாடுகாத்தான் டீச்சர்
ஒரு அடி இருக்கும்.

பழைய லேப்காரர்
இதுவும் அதே கதைதான் டீச்சர். போர்டை அளக்க சென்சாரின் முதுகைப் போர்டோடு ஒட்ட வைத்து நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். டியூப் சுவரிலிருந்து ஒரு அடியில் இருந்து, நீங்கள் எழுதும் இடம் ஒரு மீட்டர் கீழே இருந்தால், வெளிச்சம் சுமார் 73 டிகிரி சாய்வில் விழுகிறது. நண்பரின் மீட்டர் மாதிரி ஒன்றை வைத்தால் நிஜத்தைவிடக் குறைவாகக் காட்டும். ஆனால் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை என்றால் அது மீட்டரின் பிழை இல்லை. கீழே விழும் வெளிச்சமே குறைவு. டியூபை இன்னும் ஒன்றிரண்டு அடி முன்னால் தள்ளிப் பொருத்தச் சொல்லிப் பாருங்கள். போர்டு பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் அது வேறு விஷயம்.

ஒயர்மேன் தேவகோட்டை
கலர் என்று நான் அவசரப்பட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். செம்மண்காட்டான் அண்ணன் மீட்டரில் டிஃப்யூசர் குமிழ் மாதிரி வெளியே நிற்கும் ரகமா? பட்டாலையில் ஆத்தங்குடிக் கல்லு போட்டிருந்தால் தரையே கண்ணாடி மாதிரி மின்னும். குமிழ் கீழேயிருந்து வருகிற வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளுமே, 310லேயே கொஞ்சம் கூடுதல் இருக்காதா?

செம்மண்காட்டான்
குமிழ்தான், சுற்றிலும் தடுப்பு வளையம் கிடையாது. தரையும் ஆத்தங்குடிக் கல்லுதான். மேசையின் நடுவில் வைத்திருந்தால் பலகையே தரை வெளிச்சத்தை மறைத்திருக்கும், ஆனால் நான் விளிம்பில் வைத்தேனா, நடுவிலா என்று குறித்துக்கொள்ளவில்லை. என் சோதனையையும் 80 டிகிரியோடு நிறுத்திவிட்டேன். இன்று ராத்திரி 95, 100 டிகிரி வரை திருப்பிப் பார்க்கிறேன், அங்கே பூஜ்யம்தான் வர வேண்டும். வியாழக்கிழமை பள்ளிக்குப் போகும்போது அதே மேசையில் நடுவிலும் விளிம்பிலும் வைத்து எடுத்து இங்கே போடுகிறேன்.