கலைச்சொல் தேவை: தசையின் நீளமும் அது தரும் விசையும்

செல்வி:

அனைவருக்கும் வணக்கம். இயன்முறை மருத்துவ மாணவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். தசையின் நீளம் மாறினால் அது தரும் விசையும் மாறும் என்று காட்டும் ஒரு வளைகோடு அதில் வருகிறது. நடுவாந்தர நீளத்தில் விசை உச்சத்தில் இருக்கிறது. மிகவும் நீண்டாலும் குறைகிறது, மிகவும் சுருங்கினாலும் குறைகிறது. இப்போதைக்கு 'நீட்சி–இறுக்க உறவு' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

முருகேசன்:

சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் விளக்கம் இடிக்கிறதே அம்மா. நான் இயந்திரவியல் படித்தவன். ரப்பர் பட்டையை நீட்ட நீட்ட இழுவிசை கூடத்தான் செய்யும். தொடையின் பின்தசையை நன்றாக நீட்டிவிட்டுத் தொட்டுப் பாருங்கள், விண்ணென்று இருக்கும். அப்படியிருக்க, நீண்ட தசை வலுக்குறைந்தது என்று எப்படிச் சொல்வது? சுருங்கிய பக்கம் குறைவதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

இளங்கோ:

முருகேசன் ஐயா தொட்டுப் பார்த்தது உண்மையான விசைதான். ஆனால் அது தசை வேலை செய்து தரும் விசை அல்ல. தசையில் இரண்டு விசைகள் கலந்திருக்கின்றன. ஒன்று, நரம்பு தூண்டும்போது மையோசின் தலைகள் ஆக்டின் இழையைப் பற்றி இழுப்பதால் வருவது. மற்றது, டைட்டின் என்ற நெடும்புரதமும் தசையைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவும் நீட்டப்படுவதால் சும்மாவே வருவது. பின்னது நீட்ட நீட்ட ஏறும், நீங்கள் சொன்னபடியேதான். செல்வி கேட்பது முன்னதைப் பற்றி.

அது ஏன் இருபுறமும் சரிகிறது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 1966இல் கார்டன், ஹக்ஸ்லி, ஜூலியன் மூவரும் தவளையின் ஒற்றைத் தசைநாரில் அளந்தார்கள். தசைநாரில் வரிசையாக அடுக்கியிருக்கும் சுருங்கும் சிற்றலகுதான் சார்கோமியர். அதன் நடுவில் மையோசினாலான தடித்த இழை, நீளம் சுமார் 1.6 மைக்ரோமீட்டர். இரு முனைகளிலிருந்தும் ஆக்டினாலான மெல்லிய இழைகள் உள்ளே வருகின்றன, ஒவ்வொன்றும் சுமார் 1. மூன்றையும் கூட்டினால் 3.6. சார்கோமியர் ஏறக்குறைய அந்த நீளத்துக்கு இழுக்கப்பட்டால் மெல்லிய இழையின் நுனி தடித்த இழையைத் தொடுவதோடு சரி. பற்றுவதற்கு ஒரு தலைகூட எட்டாது. அளந்த விசையும் 3.65க்கு அருகில் சுழியானது.

அங்கிருந்து சுருங்கச் சுருங்க இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், எட்டும் தலைகளின் எண்ணிக்கையும் சீராகக் கூடும். 2.9இல் ஏறத்தாழ பாதி விசை, 2.2இல் முழு விசை. தடித்த இழையின் நட்டநடுவில் தலைகளே இல்லாத சிறு பகுதி ஒன்று உண்டு. அதனால் 2.2க்கும் 2.0க்கும் இடையில் சுருங்கினாலும் புதிதாக எந்தத் தலையும் சேராது, விசை மாறாமல் நிற்கும். 2.0க்குக் கீழே போனால் எதிரெதிர் மெல்லிய இழைகள் ஒன்றையொன்று தாண்டத் தொடங்கும். 1.65 வாக்கில் தடித்த இழையின் முனை, சார்கோமியரின் எல்லைச் சுவரான இசட் தட்டில் போய் முட்டும். அதன்பின் விசை மடமடவென்று சரிந்து 1.3 அருகில் ஒன்றுமில்லாமல் போகும்.

நீண்ட பக்கம் குறைவதற்கும் சுருங்கிய பக்கம் குறைவதற்கும் காரணம் வேறுவேறு என்பது இதில் தெரியும். முதலாவதில் பற்ற இடமில்லை. இரண்டாவதில் இழைகள் நெருக்கியடித்து ஒன்றுக்கொன்று தடையாகின்றன. சுருங்கிய தசைநாரில் தூண்டலும் முழுதாக உள்ளே போய்ச் சேர்வதில்லை என்ற கருத்தும் உண்டு. எது எவ்வளவு பங்கு என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

மனிதரில் மெல்லிய இழை இதைவிட நீளம். அதனால் உச்சம் 2.7ஐ ஒட்டி வரும். கையேட்டில் தவளையின் எண்களை மனிதருடையதாகப் போட்டுவிடாதீர்கள்.

சொல்லுக்கு வருகிறேன். 'நீட்சி' என்றால் வளைகோட்டின் ஒரு பாதிதான் அடங்கும், 'நீளம்' போதும். 'இறுக்கம்' வேண்டவே வேண்டாம். தசை இறுகிப் போயிருக்கிறது என்று நோயாளி சொல்வது பெரும்பாலும் அந்தச் சும்மா வரும் விசையை. 'நீள–இழுவிசை உறவு' என்பது என் பரிந்துரை.

ராஜி:

அப்படியென்றால் உடற்பயிற்சிக்கு முன்னால் தசையை நீட்டிவிடுவது கெடுதல் என்கிறீர்களா? நான் தினமும் ஓடுவதற்கு முன் செய்கிறேன். நிறுத்திவிடவா?

இளங்கோ:

இது வேறு கேள்வி ராஜி. நீங்கள் நீட்டிவிட்டு விட்டுவிடுகிறீர்கள், தசை பழைய நீளத்துக்கு வந்துவிடுகிறது. இங்கே பேசுவது, நீண்ட நிலையில் இருக்கும்போதே எவ்வளவு விசை தரும் என்பதை. இந்த வளைகோட்டை வைத்து உங்கள் பழக்கத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

முருகேசன்:

இழை எட்டாது என்ற கணக்கு தெளிவாக இருக்கிறது. அப்படியானால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு முழங்கைதான். கையை முழுக்க நீட்டிவிட்டால் எடையை மடக்கித் தூக்குவது கடினம், செங்கோணத்தில் எளிது. கையேட்டில் இதையே போடலாமே.

பாத்திமா:

முழங்கை வேண்டாம் ஐயா. அங்கே தசையின் நீளம் மாறும்போதே மூட்டின் அச்சிலிருந்து தசைநாண் இருக்கும் தூரமும் மாறுகிறது. கை முழுக்க நீண்டிருக்கும்போது அந்தத் தூரம் குறைவு, செங்கோணத்தை ஒட்டி அதிகம். நெம்புகோலால் எவ்வளவு, இழைகளால் எவ்வளவு என்று மாணவருக்குப் பிரித்துக் காட்ட முடியாது.

மணிக்கட்டைப் போடுங்கள். விரல்களை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன, அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்துதான் விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டை உள்பக்கம் முழுக்க மடக்கினால் விரலை மடக்குவதற்கு முன்பே அந்தத் தசை சுருங்கிவிடுகிறது. விரல் மூட்டுகளில் நெம்புகோல் அப்படியேதான் இருக்கிறது, தசையின் நீளம் மட்டும் மாறியிருக்கிறது. இப்போது முஷ்டியை இறுக்கிப் பாருங்கள், பிடி வெகுவாகத் தளர்ந்திருக்கும். மணிக்கட்டைச் சற்றுப் பின்னால் சாய்த்தால், சுமார் 35 பாகைக்கு, அதே கை நன்றாகப் பிடிக்கும்.

ஆரை நரம்பு பழுதாகி மணிக்கட்டு தொங்கிப்போனவர்களிடம் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அப்படி ஒருவர் என்னிடம் வந்தபோது, பொருள் எதையும் பிடிக்க முடியவில்லை, விரல் தசை செத்துவிட்டது என்றுதான் சொன்னார். விரலை மடக்கும் தசைகளுக்கோ வேறு நரம்புகள், அவற்றில் ஒரு குறையும் இல்லை. மணிக்கட்டை நான் பின்சாய்வாகத் தாங்கிப் பிடித்துக்கொண்டு டைனமோமீட்டரை அழுத்தச் சொன்னேன். முள் ஏறியது. கையை விட்டதும் மணிக்கட்டு தொங்கியது, முள் இறங்கியது. ஸ்பிளின்ட் போட்டு அனுப்பினேன், நரம்பு தேறும் முன்பே பிடிக்கத் தொடங்கிவிட்டார்.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். மணிக்கட்டை உள்ளே மடக்கும்போது புறங்கைப் பக்கத் தசைகள் நீண்டு, விரல்களைச் சும்மாவே திறக்கப் பார்க்கும். முருகேசன் ஐயா சொன்ன 'விண்' விசை அதுதான். கையைத் தளரவிட்டு மணிக்கட்டை மட்டும் மடக்குங்கள், விரல்கள் தானாகப் பிரிவது தெரியும். ஆகப் பிடி தளர்வதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு, முழுக்க இழைக் கணக்கு அல்ல.

செல்வி:

மிக்க நன்றி. தலைப்பு 'நீள–இழுவிசை உறவு' என்றே வைக்கிறேன், படம் மணிக்கட்டுக்கு. தவளையின் எண்களைத் தவளை என்று குறிப்பிட்டே தருகிறேன்.

அடுத்த பத்தியில் இன்னொரு சொல் தேவைப்படுகிறது. இரண்டு மூட்டைக் கடக்கும் தசை இரண்டிலும் சுருங்கி, விசை தர முடியாமல் போகும் நிலைக்கு. 'செயற்போதாமை' என்று எழுதிப் பார்த்தேன்.

பாத்திமா:

'போதாமை' என்றால் சிறுநீரகப் போதாமை மாதிரி நோய் என்று நினைப்பார்கள் அக்கா. இது நல்ல தசையிலும் வருவது. 'குறுநிலைத் தளர்வு' சரிவருமா?

இளங்கோ:

'தளர்வு' என்றால் தசை ஓய்ந்திருக்கிறது என்று பொருள்படும். இங்கே அது முழு மூச்சாக வேலை செய்தும் விசை வரவில்லை. 'குறுநிலை' நன்றாக இருக்கிறது, பின்பாதிதான் உதைக்கிறது. 'குறுநிலை விசைக்குறைவு' என்று பார்க்கலாம். ஆனால் புறங்கைத் தசை நீள மறுத்து விரலைத் தடுக்கிறதே, அதற்கும் இணையாக ஒரு சொல் வேண்டும். 'நெடுநிலை'க்குப் பின்னால் என்ன போடுவது?