மெடிச்சி குடும்பம் இல்லாவிட்டால் ஃபுளோரன்ஸின் கலை இருந்திருக்குமா?

கதிரவன்: ஃபுளோரன்ஸில் 15ஆம் நூற்றாண்டில் அத்தனை சிலைகளும் ஓவியங்களும் உருவானதற்கு மெடிச்சி வங்கியின் பணம்தான் காரணமா? அந்தக் குடும்பம் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இளங்கோ: இதில் சந்தேகமே வேண்டாம். அந்தக் குடும்பத்தின் தலைவராக இருந்த லொரென்சோவே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். 1434 முதல் 1471 வரை குடும்பம் செலவழித்தது, ஃபுளோரன்ஸின் தங்க நாணயமான ஃபுளோரினில், 6,63,755. இவ்வளவு பணத்தைக் கலையில் கொட்ட வேறு யாரால் முடியும்?

மைதிலி: இளங்கோ சார், தொகை சரி. ஆனால் அது கலைக்கு மட்டும் போன பணம் இல்லை. கட்டடங்கள், தானதர்மம், வரி மூன்றும் சேர்ந்த தொகை என்று அதே குறிப்பில் இருக்கிறது. அதில் வரி எவ்வளவு, சிற்பிகளுக்குப் போனது எவ்வளவு என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை.

அதோடு, மெடிச்சிகளின் கை ஓங்குவதற்கு முன்பே போட்டி தொடங்கிவிட்டது. ஓர்சன்மிக்கேலேயைப் பாருங்கள். தானியச் சந்தையாக இருந்து கோயிலான கட்டடம். அதன் வெளிச்சுவர் மாடங்களில் ஒவ்வொரு வணிகச் சங்கமும் தன் காவல் புனிதரின் சிலையை வைக்க வேண்டும். பெரும்பாலான சங்கங்கள் கல்லோடு நிறுத்திக்கொண்டன. துணி வணிகர்களின் கலிமாலா சங்கம் சிற்பி கிபெர்ட்டியை அழைத்து, ஆளுயரத்தைத் தாண்டிய புனித யோவானை வெண்கலத்தில் வார்க்கச் சொன்னது. பளிங்கைவிட வெண்கலத்துக்குப் பல மடங்கு செலவு. வார்ப்பு கெட்டால் நஷ்டம் கிபெர்ட்டியின் தலையில்.

1419இல் வங்கியாளர் சங்கமும் அதே கிபெர்ட்டியிடம் போனது. புனித மத்தேயு சிலை யோவான் சிலையின் அளவுக்காவது இருக்க வேண்டும், பெரிதாக இருந்தால் நல்லது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். இதைப் பார்த்துக் கம்பளிச் சங்கத்துக்குப் பொறுக்கவில்லை. தங்கள் மாடம் அந்த இரண்டுக்கும் முன் எடுபடவில்லை என்று 1425இல் தீர்மானம் போட்டார்கள். பழைய கற்சிலையை எடுத்துவிட்டு வெண்கலத்தில் புனித ஸ்தேவானைச் செய்யச் சொன்னார்கள். பக்கத்துச் சங்கத்துக்குக் குறையக் கூடாது என்ற எண்ணம்தான் இதில் காசை இறக்க வைத்தது.

சேகர்: எனக்கு இதில் வேறு கேள்வி. நான் வங்கியில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருக்கிறேன். வட்டி வாங்குவது பாவம் என்று திருச்சபை சொன்ன காலத்தில் இவர்கள் எப்படி லாபம் பார்த்தார்கள்?

மைதிலி: உங்கள் வேலைதான் சேகர், மாற்று உண்டியல்! ஓர் உதாரணம் வைத்துச் சொல்கிறேன். ஃபுளோரன்ஸில் ஒருவருக்கு 1,000 ஃபுளோரின் கொடுக்கிறார்கள். மூன்று மாதத்தில் லண்டனில் பென்னியாகத் திருப்பித் தர வேண்டும். ஃபுளோரினுக்கு 40 பென்னி என்றால் 40,000 பென்னி. அதே பணத்தை லண்டனில் இன்னொருவருக்குக் கொடுத்து, 36 பென்னிக்கு ஒரு ஃபுளோரின் என்ற விலையில் ஃபுளோரன்ஸில் திரும்பப் பெறுகிறார்கள். போகவர ஆறு மாதம், கைக்கு வருவது சுமார் 1,111. வட்டி என்ற பேச்சே இல்லை. விலை தலைகீழாகப் போனால் நஷ்டமும் உண்டு. அதனால்தான் பல இறையியலாளர்கள் இதை அனுமதித்தார்கள்.

சேகர்: அப்படியானால் மனசாட்சி உறுத்தவில்லையா?

இளங்கோ: லொரென்சோவின் தாத்தா கோசிமோவுக்கு உறுத்தியது. அதனால்தான் சான் மார்க்கோ மடம்! பாவப் பரிகாரமாக அந்த மடத்துக்கு 10,000 ஃபுளோரின் செலவிடச் சொன்னார் போப் நான்காம் எவ்ஜீனியஸ், கோசிமோ 40,000க்கு மேல் செலவழித்தார் என்று அவருக்குப் புத்தகம் விற்ற வெஸ்பாசியானோ எழுதியிருக்கிறார். அந்த மடத்துச் சுவர்களில்தான் ஃப்ரா ஆஞ்சலிகோ வரைந்தார். அங்கே இருந்த நூலகத்தில் அறிஞர் நிக்கோலோ நிக்கோலி சேர்த்த புத்தகங்கள். அவர் கடனோடு செத்தபோது அந்தக் கடனைத் தீர்த்ததும் கோசிமோதான். இதைச் சங்கங்களா செய்தன?

மைதிலி: செய்யவில்லை, ஒத்துக்கொள்கிறேன். புத்தகங்களைக் காப்பாற்றியதில் கோசிமோவுக்கு ஈடில்லை. ஆனால் மத்தேயு சிலையை மேற்பார்த்த வங்கியாளர் குழுவிலும் கோசிமோ இருந்தார். அங்கே அவர் பாவப் பரிகாரம் தேடவில்லை, சங்கத்தின் பெருமையைத் தேடினார். இரண்டும் ஒரே மனிதருக்குள் இருந்தன.

கதிரவன்: சரி, அறிவியல்? கலிலியோவும் மெடிச்சிகளின் ஆள்தானே?

மைதிலி: 1610க்குப் பிறகுதான். அதற்கு முன் 18 ஆண்டுகள் வெனிஸின் ஆட்சியில் இருந்த பதுவாவின் பல்கலைக்கழகத்தில், வெனிஸ் கொடுத்த சம்பளத்தில் இருந்தார். 1609இல் தொலைநோக்கியைக் காட்டியதும் ஆண்டுக்கு 1,000 ஃபுளோரின், அதுவும் ஆயுள் முழுக்க என்று வெனிஸ் உறுதி தந்தது. அடுத்த ஆண்டு வியாழனின் நிலவுகளுக்கு மெடிச்சி பெயரைச் சூட்டிவிட்டு ஃபுளோரன்ஸுக்குப் போய்விட்டார். அங்கே பாடம் நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை.

இளங்கோ: பார்த்தீர்களா, கடைசியில் அந்தக் குடும்பத்திடம்தானே போனார்?

மைதிலி: போனார். ஆனால் நிலவுகளைக் கண்டது வெனிஸின் சம்பளத்தில்.