புதுப்பிப்பு: கிரைண்டர் கல் ஆர்டர் கணக்கு

"அடுத்த மாதம் 400 கிரைண்டர், ஒன்றுக்கு 2 உருளைக் கல், எத்தனை கல் வாங்கணும்?"

800-லிருந்து கையிருப்புக் கல்லைக் கழித்தால் போதும் என்று ஒருவர் சொன்னது பாதி சரி. ஸ்டோர்ஸ் அண்ணன்தான் பிடித்தார்: ஒரு கிரைண்டருக்குள் எது எத்தனை போகிறது என்று சொல்லும் பொருள் பட்டியலில் ஒவ்வொரு படியிலும் இருப்பைக் கழித்துவிட்டுத்தான் கீழே இறங்கணும். தயார் கிரைண்டர் 50 இருக்கிறது, மீதி 350. கல் மாட்டிய உருளை செட் 80 ரேக்கில் கிடக்கிறது, அப்போ புதிதாக 270 செட், அதாவது 540 கல், அதில் தனிக் கல் 40 போக 500. செட்டைக் கழிக்காமல் விட்டிருந்தால் 160 கல் சும்மா குவிந்திருக்கும்!

நூற்றுக்கு 5 உடையும் என்பதால் 500-ஐ 0.95-ஆல் வகுத்தால் 526.3, அதாவது 527, சப்ளையர் 50 50-ஆகத்தான் தருவார், ஆக 550.



ஆனால் இந்த 400 எல்லா மாடலும் சேர்ந்த மாதத் திட்ட எண், நான் போட்டது எல்லாமே 2 லிட்டர் என்று வைத்து. 1.25 லிட்டருக்குக் கல் வேறு. சேல்ஸ் இன்னும் பிரித்துத் தரவில்லை, ஆர்டரும் போடவில்லை.