சிறுத்தைப் பல்லிக் குட்டிக்குப் பெயர் சொல்லுங்களேன்

வணக்கம். மூன்று மாத லெப்பர்ட் கெக்கோ குட்டிக்குப் பெயர் தேடுகிறோம். இப்போது மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டைகள் உள்ளன. வளர வளர அவை உடைந்து புள்ளிகளாகிவிடும் என்பதால் ‘வரியன்’ போன்ற பெயர் நிலைக்காது. ஆணா பெண்ணா என்பதும் இப்போது உறுதியாகத் தெரியாது. ஆணாக இருந்தால், ஆறு மாதத்தை ஒட்டி வாலடியில் இரண்டு புடைப்புகள் தெளிவாகத் தெரியும். எனவே இருபாலுக்கும் பொருந்தும் பெயர்தான் வேண்டும்.

மாறாதவை என்று பார்த்தால், கொழுப்பைச் சேமிக்கும் தடித்த வால், அந்தியில் விழிக்கும் பழக்கம், கண்ணிமை. கெக்கோக்களில் பெரும்பாலானவற்றுக்கு மூடித் திறக்கும் இமையே கிடையாது. நாக்கால்தான் கண்ணைத் துடைக்கும். இது அழகாகக் கண்சிமிட்டும்! அதனால் ‘இமை’ என்று வைக்க ஆசை. ‘அந்தி’யும் பட்டியலில் இருக்கிறது. இரண்டில் எது பொருந்தும்? வாலை வைத்து யாருக்காவது நல்ல பெயர் தோன்றுகிறதா?