காஃபீன் உருகுநிலை 235-ஐத் தொடவில்லை, என்ன செய்யலாம்?

கல்லூரி லேபில் டீத்தூளிலிருந்து காஃபீன் எடுக்கிறோம். டானின் தண்ணீரிலேயே தங்குவதற்காக சோடியம் கார்பனேட் போட்டுக் கொதிக்க வைத்து, வடிகட்டி, நன்றாக ஆறியபின் டைகுளோரோமீத்தேனில் பிரித்தெடுத்து, சோடியம் சல்பேட்டில் உலர்த்தி, ஃபியூம் ஹூடுக்குள் ஆவியாக்கினோம். மிஞ்சிய தூள் இளம்பச்சை, பச்சையம் ஒட்டியிருக்கும் போல.

235-238 டிகிரி வரவேண்டிய உருகுநிலை 224-இல் தொடங்கி 230 வரை இழுக்கிறது. இன்னொரு தொல்லை, காஃபீன் உருகுவதற்கு முன்பே பதங்கமாகி கேப்பில்லரியின் மேல்பகுதியில் வெள்ளை ஊசிகளாகப் படிந்துவிடுகிறது, அடியில் பார்க்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. திறந்த வாயையும் உருக்கி மூடிவிட்டால் சரியாகுமா?

அப்புறம், தூய்மைப்படுத்தப் பதங்கமாக்கலா, எத்தனாலில் மறுபடிகமாக்கலா? கையில் 60 மில்லிகிராம்தான் இருக்கிறது, இழப்பு குறைவான வழியாகச் சொல்லுங்கள். சாலிசிலேட்டாக மாற்றி 137 டிகிரியில் சரிபார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?